“சீக்கிரம்” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

கேள்வி: என் தோழிக்கு வரும் வியாழக்கிழமை 33 வயது முடிகிறது. முதல் பிரசவம். நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை முழுக்க மூடியிருக்கிறதாம். இரண்டு முறை ரத்தம் போனதால் செம்பூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். வியாழனோடு 14 நாள். அன்று 31 வாரம் 4 நாள் என்று அவளே கணக்கு சொன்னாள். 36 வாரத்தில் ஆபரேஷன், அதுவரை அங்கேயேதான். இப்போது ரத்தம் நின்றிருக்கிறது. மாட்டுங்காவில் ஒரே ஸ்கூலில் படித்தவர்கள் நாங்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கிங்ஸ் சர்க்கிளில் நெய் ரோஸ்ட் சாப்பிடுவோம்; அவள் தன்னுடையதை விட்டுவிட்டு என் தட்டிலிருந்து முனையைப் பிய்த்துக்கொள்வாள். போனில் அங்கே தினமும் வரும் கிச்சடியைப் பற்றியும் ஆயா வேலை பார்க்கும் ஒரு மௌசியைப் பற்றியும் சொல்லிச் சிரிக்கிறாள்; திடீரென்று பேச்சு நின்றுவிடுகிறது. நான் எழுதி வைத்திருப்பது: “ஹேப்பி பர்த்டே டி செல்லம்! சீக்கிரம் குணமாகி வீட்டுக்கு வா. குட்டிப் பாப்பாவும் சீக்கிரம் வந்துடட்டும்! நஞ்சு தானா மேலே ஏறிடும், கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியா நடக்கும். அம்மா ஆகப்போறே, இந்த வருஷம் டபுள் கொண்டாட்டம்!” அனுப்பக் கை வரவில்லை. சந்தோஷமாகவும் இருக்க வேண்டும், அவள் நிலைமை தெரியாத மாதிரியும் இருக்கக் கூடாது. எப்படி எழுதுவது?
— வாசகி, முலுண்ட்

பதில்: கை வராமல் போனது நல்லது. உங்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி ஜுரத்தில் படுத்திருப்பவருக்கு எழுதியது போல இருக்கிறது. உங்கள் தோழிக்கு ஜுரம் இல்லை, வலி இல்லை, நோயே இல்லை. நஞ்சுக்கொடி இருக்கும் இடம் மட்டும்தான் சரியில்லை. அதனால் வழக்கமான வாழ்த்துச் சொற்கள் பலவும் இவருக்கு நேர்மாறாகப் போய்ச் சேரும்.

முதலில் “சீக்கிரம்”. உங்கள் நாலு வரியில் அது இரண்டு தடவை வருகிறது. குழந்தை சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார். 31 வாரத்தில் பிறக்கும் குழந்தை நேராகத் தாயின் மடிக்கு வராது, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும். மூச்சுக்கு உதவி தேவைப்படலாம். இரைப்பையும் குடலும் பாலுக்குப் பழக நாளாகும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் ரவுண்ட்ஸில் காதில் விழுகிற பேச்சு அதுதான். ஒவ்வொரு நாள் தள்ளிப்போவதும் அவருக்கு ஒரு ரூபாய் சேர்த்த மாதிரி. அந்த உண்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் “சீக்கிரம் வந்துடட்டும்” என்றால், உயிர்த்தோழிக்கே விஷயம் புரியவில்லை என்றுதான் அவர் நினைப்பார். “குணமாகி வீட்டுக்கு வா” என்பதும் அப்படியே. 36 வாரம் வரை அங்கேயே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடுவில் வீட்டுக்குப் போகிற பேச்சே இல்லாதபோது அந்த வரி ஓர் ஏக்கத்தைத்தான் கிளறும்.

“நஞ்சு தானா மேலே ஏறிடும்” என்பதை உலகமே சொல்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. 20-ம் வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி தாழ்ந்திருப்பதாகத் தெரிகிறவர்களில் பெரும்பாலோருக்கு, கர்ப்பப்பை வளர வளர அது வாயிலிருந்து விலகிப்போகும். உங்கள் அக்காவுக்கோ அத்தைக்கோ அப்படி ஆகியிருக்கலாம். ஆனால் 31 வாரத்திலும் வாயை முழுக்க மூடிக்கொண்டு, இரண்டு முறை ரத்தமும் போனவருக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அடுத்த ஸ்கேனில் அது ஏறவில்லை என்று தெரிந்தால், உங்கள் வாழ்த்து அவருக்கு இரண்டாவது ஏமாற்றமாகிவிடும். “எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்பதில் வேறொரு சிக்கல். அதைப் படித்தவர் “ஆமாம்” என்று மட்டுமே சொல்ல முடியும். பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தால், உங்கள் நம்பிக்கையை மறுத்துப் பேசுவது போல ஆகிவிடும். போனில் பேச்சு திடீரென்று நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் அவர் எதை விழுங்குகிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பொதுவாக இந்த வகை ரத்தப்போக்கு வலியில்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல் வரும். அதனால் உடம்பு நன்றாக இருக்கிறபோதும் பயம் விட்டுப்போவதில்லை. ஒவ்வொரு முறை பாத்ரூம் போகும்போதும் துணியைப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும்.

கடைசியாக “அம்மா ஆகப்போறே, டபுள் கொண்டாட்டம்”. இதைத்தான் நான் முதலில் அடிப்பேன். 14 நாளாக அந்த அறைக்குள் வருகிற எல்லோரும் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். நர்ஸ் வந்து குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிறார், மாமியார் போனில் குழந்தை அசைகிறதா என்கிறார், கணவர் ஸ்கேன் எப்போது என்கிறார். வருஷத்தில் ஒரு நாள் அவருடைய நாள். அதையும் குழந்தையோடு பங்குபோடச் சொல்லாதீர்கள். வாழ்த்தில் குழந்தை வரவே கூடாதா என்று கேட்டால், வரலாம். வாழ்த்து முழுக்க அதைப் பற்றியதாக ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பயப்படாதீர்கள். உங்கள் கேள்விக் கடிதத்திலேயே வாழ்த்துக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. நெய் ரோஸ்ட் முனை, கிச்சடி, மௌசி, அவரே சொன்ன வாரக் கணக்கு. இந்த நாலும் போதும். கையில் இருப்பதை எந்த வரிசையில் வைப்பது என்பதுதான் வேலை.

முதல் வரி அவரைப் பற்றி, பழைய அவரைப் பற்றி. ஆஸ்பத்திரியில் தொடங்கினால் துக்கம் விசாரிக்கிற தொனி வந்துவிடும். இரண்டாவதாக ஆஸ்பத்திரி, ஒன்றிரண்டு வாக்கியம், மழுப்பாமல். அதைக் கடைசியில் வைத்தால் செய்தி முழுதும் அந்தக் கசப்போடு முடியும், அதனால் நடுவில். அதற்கு அடுத்த வரியிலேயே சிரிப்பு. பயத்தை ஒத்துக்கொண்ட பிறகு வருகிற கிண்டலைத்தான் அவரால் மனசாரச் சிரித்து ஏற்க முடியும், ஒத்துக்கொள்ளாமல் வருகிற கிண்டல் தப்பித்து ஓடுவது மாதிரி இருக்கும். பிறகு கிழமையும் நேரமும் சொல்லி ஒரு வாக்கு. கடைசியில், பதில் எழுத வேண்டாம் என்ற விடுதலை. பிறந்தநாளன்று அவருக்கு வாழ்த்துகள் வந்து குவியும். ஒவ்வொன்றுக்கும் “தேங்க்யூ, நல்லா இருக்கேன்” என்று தட்டுவது ஒரு வேலை. அதிலும் ஐ.வி. ஊசி குத்திய கையால்.

இப்படி வரும்:

“பிறந்தநாள் வாழ்த்து டி! 33 முடிஞ்சும் அடுத்தவ தட்டுல கை வைக்கிற புத்தி உனக்குப் போகலை, போகவும் வேண்டாம். இந்த நாளை ஆஸ்பத்திரிக் கட்டில்ல கழிக்கிறது கொடுமைதான். பயமாவும் இருக்கும், எனக்குத் தெரியும். மௌசிகிட்ட சிபாரிசு பிடிச்சு கிச்சடிக்கு இன்னிக்கு ஒரு நாள் லீவு வாங்கப் பாரு. ஞாயித்துக்கிழமை உனக்கு 32 வாரம் முடியுது. அன்னிக்கு நாலு மணிக்கு வர்றேன், ஒரு மணி நேரம் வம்பு பேசறோம். இதுக்குப் பதில் போடாதே. மத்தியானம் ஒரு ஆடியோ அனுப்பறேன், காதுல மாட்டிக் கேளு.”

இதில் “32 வாரம் முடியுது” என்ற வரியைக் கவனியுங்கள். வியாழன் 31 வாரம் 4 நாள் என்றால் மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை 32. இந்த மாதிரி படுத்திருக்கிறவர்களின் காலண்டரில் 32, 34, 36 என்று வாரங்கள்தான் பண்டிகை. நீங்களும் அதே காலண்டரைப் பார்க்கிறீர்கள் என்று காட்ட இதைவிடச் சின்ன வழி கிடையாது. “டிஸ்சார்ஜ் ஆனதும் பெரிய பார்ட்டி” என்று தேதியில்லாமல் சொல்வதைவிட, ஞாயிறு நாலு மணி பெரிது. ஆனால் எழுதுமுன் பார்வையாளர் நேரத்தைக் கணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல மருத்துவமனைகளில் மாலையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் விடுவார்கள், ஒரு பாஸுக்கு ஒருவர்தான். நாலு மணி என்று எழுதிவிட்டு ஆறு மணிக்குக் கேட்டில் நின்றால், அந்த இரண்டு மணி நேரமும் அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிண்டலுக்கு ஓர் எல்லை சொல்கிறேன். அவர் தானாகச் சிரித்துச் சொன்ன விஷயத்தை மட்டும் தொடுங்கள். கிச்சடியும் மௌசியும் அவர் கொடுத்த உரிமை. பெட்பேன், பாத்ரூம், ரத்தம், உடம்பு போட்டுவிட்டது, கால் வீக்கம், “வீட்டுக்காரர் சமையலில் பிழைச்சுப்பாரா” போன்றவற்றை அவர் முதலில் சொல்லாதவரை நீங்கள் தொடாதீர்கள். “ஜாலியா ரெஸ்ட் எடுக்கறே, கொடுத்துவெச்சவ” என்பது இந்த வகை நோயாளிகள் அடிக்கடி கேட்டு எரிச்சலடைகிற வாக்கியம். நெய் ரோஸ்டைப் பற்றி எழுதும்போதும் அதன் வாசனையை வர்ணிக்காமல், அவர் கையைப் பற்றி எழுதியிருக்கிறேன், பாருங்கள். சாப்பிட முடியாததை நாக்கில் வைத்துக் காட்டக் கூடாது. பார்சல் வாங்கிப் போகலாமே என்று தோன்றும். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து செம்பூர் போவதற்குள் அது தொய்ந்து துணி மாதிரி ஆகிவிடும் என்பது ஒரு பக்கம். அவருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறதா, சமீபத்தில் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்பது இன்னொரு பக்கம். அந்த ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும். கேக்குக்கும் இதே கேள்விதான். கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள், மெழுகுவர்த்தியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்; ஆக்ஸிஜன் குழாய் இருக்கிற இடத்தில் யாரும் ஏற்ற விட மாட்டார்கள்.

எப்போது அனுப்புவது? ராத்திரி 12 மணிக்கு வேண்டாம். அங்கே தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும், விடிகாலையிலேயே நர்ஸ் பிரஷர் பார்க்க எழுப்பிவிடுவார். வந்த தூக்கத்தைக் கலைத்துவிட்டு வாழ்த்துச் சொல்வதில் என்ன பெருமை. டாக்டர் ரவுண்ட்ஸ் முடிகிற வரை அவர் மனம் அந்தப் பேச்சிலேயே இருக்கும். அதனால் பதினோரு மணி வாக்கில் அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்பது மணிக்குக் கணவருக்கோ அம்மாவுக்கோ “ராத்திரி எப்படி இருந்தா?” என்று ஒரு வரி போட்டுக் கேட்டுவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆடியோ என்று சொன்னேன். வீடியோ கால் போட்டு நாலு பேர் கத்திப் பாடுவதைவிட அது நூறு மடங்கு நல்லது. அவர் தனி அறையில் இல்லாமல் பிரசவத்துக்கு முந்தைய வார்டில் இருந்தால், திரைக்கு அந்தப் பக்கம் நேற்று குழந்தையை இழந்த ஒரு பெண் படுத்திருக்கலாம். இது அபூர்வமில்லை. உங்கள் “ஹேப்பி பர்த்டே” பாட்டு ஸ்பீக்கரில் ஒலிக்கும்போது சங்கடப்படுவது உங்கள் தோழிதான், அவசரமாக வால்யூமைக் குறைப்பதும் அவர்தான். ஆடியோ என்றால் அவர் விரும்பிய நேரத்தில் காதில் மாட்டிக் கேட்கலாம், பிடித்தால் மறுபடியும் கேட்கலாம். 40 விநாடிக்கு மேல் வேண்டாம். அதில் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசவே வேண்டாம். முலுண்டிலிருந்து ஸ்லோ வண்டியில் வரும்போது பெட்டிக்குள் வருகிற “புடீல் ஸ்டேஷன்… மாட்டுங்கா” என்ற அறிவிப்பையும், இறங்குகிற கூட்டத்தின் சத்தத்தையும் பதிந்து, “ஸ்கூலுக்கு லேட்டாச்சு, வா டி” என்று முடித்துவிடுங்கள். இரண்டு வாரமாக ஏ.சி. சத்தம் மட்டும் கேட்கிறவருக்கு அது ஊருக்குள் போய்வந்த மாதிரி.

இப்போது அந்த ஒன்பது மணி விஷயம். பிறந்தநாளன்று காலையில் மறுபடி ரத்தம் போகக் கூடும். அப்போது அவரைக் கண்காணிப்புக்கு மாற்றியிருப்பார்கள், ஆபரேஷனுக்குத் தயாராக இருக்கட்டும் என்று சாப்பாடு, தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள், ரத்தம் ஏற்பாடு செய்யக் கணவர் ஓடிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கிச்சடிக்கு லீவு என்ற வரி போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? அதனால் இரண்டாவது செய்தி ஒன்றை இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எழுதினால் உங்களுக்கு “கடவுளே” என்றுதான் வரும்.

“இன்னிக்கு உன் நாள், நான் மறக்கலை. காலைல நடந்தது கேள்விப்பட்டேன். போன் என் கையிலேயே இருக்கு, ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம். பதில் வேண்டாம் டி.”

இவ்வளவே. வாழ்த்து இருக்கிறது, ஆனால் கொண்டாட்டம் இல்லை. என்ன ஆச்சு என்ற கேள்வியும் இல்லை. ஒருவேளை அன்றே குழந்தையை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அவருக்கு எதுவும் அனுப்பாமல் காத்திருங்கள். தாய், குழந்தை இருவர் நிலையும் தெரிந்த பிறகு எழுதலாம். “அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே நாளில் பிறந்தநாள், என்ன பொருத்தம்!” என்று குரூப்பில் யாராவது தொடங்குவார்கள். நீங்கள் அதில் சேராதீர்கள். அவர் சொன்னால் சொல்லட்டும்.

எல்லாம் நல்லபடியாகவே போய், முதல் செய்தியே போய்ச் சேர்ந்து, அவரிடமிருந்து “அழ வெச்சுட்டியே டி” என்று வந்தால் பதறி மன்னிப்புக் கேட்காதீர்கள், உடனே ஜோக்கும் அனுப்பாதீர்கள். கிச்சடியைச் சொல்லிச் சிரித்தவருக்கு அந்த வரியில் நின்று அழ இடம் கிடைத்திருக்கிறது. “அழுதுக்கோ. ஞாயித்துக்கிழமை நாலு மணி” என்று மட்டும் போடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கணக்குப் பார்த்தால் அவருக்கு வளைகாப்பு நடந்திருக்க வேண்டிய மாதம் ஆஸ்பத்திரியில் போய்க்கொண்டிருக்கிறது. நடந்து முடிந்திருந்தால் இதை விட்டுவிடுங்கள். நடக்கவில்லையென்றால் வாழ்த்தில் அதை எழுத வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போகும்போதும் கண்ணாடி வளையலைக் கையில் அடுக்க வேண்டாம். ஐ.வி. ஊசிக்கு இடைஞ்சல், ஆபரேஷனுக்கு எடுத்தால் அவசரத்தில் கழற்ற வேண்டிவரும், உடைந்தால் கட்டிலெல்லாம் சில். ஆனால் வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள், அவர் பேச்சை எடுத்தால் “என்கிட்ட பத்திரமா இருக்கு” என்று சொல்ல. வழக்கமான அளவு 2.4 என்றால் 2.6 வாங்குங்கள், இந்த மாதங்களில் கை வீங்கும், பிரசவம் ஆன உடனேயும் அது வடியாது.